ஆயிரம் போத்தல், பத்து எலி: எண் எப்படி விஷத்தைக் காட்டுகிறது?

"அண்ணே, 1000 போத்தலில் ஒன்றில் மட்டும் விஷமாம். 10 எலி இருந்தால் ஒரே தடவையில் கண்டுபிடித்துவிடலாம், போத்தலில் 0, 1 என்று எழுதினால் போதும் என்கிறான் படிவம் 4 படிக்கும் என் மகன். போத்தல்மேல் எழுதுவதற்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம்? பத்துக்கும் குறைவாக முடியாதா?"

மகன் சொல்வது சரிதான், தம்பி. போத்தல்மேல் எழுதுகிற எண்ணை ஓர் உத்தரவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போத்தலிலிருந்து எந்தெந்த எலிக்கு ஒரு சொட்டு கொடுக்க வேண்டும், எந்தெந்த எலிக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்த எண் சொல்கிறது. ஆயிரம் போத்தலுக்கும் ஆயிரம் வேறு வேறு உத்தரவு. மறுநாள் காலையில் செத்த எலிகளையும் உயிரோடு இருக்கும் எலிகளையும் வரிசையாகப் பார்த்தால், யாருடைய உத்தரவு அங்கே கிடக்கிறது என்று படித்துவிடலாம். ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்றால் பத்துக்குக் குறைவாக முடியாது. இரண்டு நாள் அவகாசம் இருந்தால் ஏழு எலி போதும். அதற்கும் பிறகு வருகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது வழக்கம். இந்தக் கணக்கை அவர்களுக்கு எலியும் விஷமும் இல்லாமல் செய்து காட்டினேன். உங்கள் வீட்டு ஐந்தடியிலும் செய்யலாம். மகனோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

16 சின்னத் தண்ணீர்ப் போத்தல்கள் வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒரு பாத்திரம் தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்க வைத்துவிட்டால் அடியில் மண்டி தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர்தான். அதை ஒரு போத்தலில் நிரப்புங்கள், அதுதான் விஷம். மற்ற பதினைந்திலும் பைப்புத் தண்ணீர். எலிக்குப் பதிலாக நான்கு வெள்ளைக் குவளைகளில் கொஞ்சம் மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே சங்கதி. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரம் பட்டதும் சிவந்துவிடும். சிவந்த குவளை செத்த எலி, மஞ்சளாகவே இருக்கும் குவளை பிழைத்த எலி. சுண்ணாம்பு நீரை வாயில் வைக்கவோ கண்ணில் படவோ விடாதீர்கள். போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே வெள்ளையாக ஆடை படியும், பிள்ளைகள் சோதனையே செய்யாமல் கையைக் காட்டிவிடுவார்கள்.

சரி, இப்போது எண். போத்தல்களுக்கு 0 முதல் 15 வரை எழுதுங்கள். குவளைகளுக்கு 1, 2, 3, 4 என்று எழுதாமல் 8, 4, 2, 1 என்று எழுதுங்கள். இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. ஒவ்வொரு போத்தல் எண்ணையும் இந்த நான்கு எண்களிலிருந்து, எதையும் இரண்டு முறை எடுக்காமல், கூட்டிக் கொண்டுவர முடியும். அதுவும் ஒரே ஒரு வழியில்தான் முடியும். 11 வேண்டுமா? 8, 2, 1. வேறு வழியே இல்லை. ஆகவே 11ஆம் போத்தலிலிருந்து 8 என்ற குவளைக்கு ஒரு கரண்டி, 2க்கு ஒரு கரண்டி, 1க்கு ஒரு கரண்டி. 4க்குக் கிடையாது. உண்டு என்பதை 1 என்றும் இல்லை என்பதை 0 என்றும் வரிசையாக எழுதினால் 1011. உங்கள் மகன் படிவம் 4 கணக்கில் 'அசாஸ் நோம்போர்' என்று படிக்கிறானே, அந்த இரண்டடிமான எண் இதுதான். பள்ளியில் அதை மாற்றி எழுதும் பயிற்சியாக மட்டும் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த 0, 1 ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கான பதில் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் அவன் கேட்கும் கேள்விகளே வேறு.

எல்லாப் போத்தலுக்கும் இப்படிச் செய்து முடித்தால் ஒவ்வொரு குவளைக்குள்ளும் சரியாக எட்டு கரண்டி போயிருக்கும். 1 என்ற குவளையில் ஒற்றைப்படைப் போத்தல்கள் எல்லாம் இருக்கும். 8 என்ற குவளையில் 8 முதல் 15 வரை இருக்கும். கலக்கிவிட்டுப் பாருங்கள். 8ம் 4ம் சிவந்து மற்ற இரண்டும் மஞ்சளாக நின்றால் 8 + 4 = 12. பன்னிரண்டாம் போத்தல். சிவந்த குவளைகளின் எண்களைக் கூட்ட வேண்டியதுதான், வேறு கணக்கு எதுவும் இல்லை.

ஆயிரம் போத்தலுக்கும் இதே வேலைதான். குவளைகளின் எண்கள் மட்டும் 512 வரை நீளும். போத்தல்களுக்கு 0 முதல் 999 வரை எண். 677ஆம் போத்தலில் விஷம் என்று வைத்துக்கொள்வோம். 512ஐ எடுத்தால் மீதி 165. அதில் 256 போகாது. 128 போகும், மீதி 37. 64 போகாது. 32 போகும், மீதி 5. அது 4ம் 1ம்.

```
512 256 128  64  32  16   8   4   2   1
  1   0   1   0   1   0   0   1   0   1
```

பத்து எலிகளில் ஐந்து சாகும், ஐந்து பிழைக்கும். செத்தவற்றின் எண்களைக் கூட்டினால் 677. பிழைத்த ஐந்தும் அதே அளவுக்குப் பதில் சொல்கின்றன என்பதைக் கவனியுங்கள். 256 உயிரோடு இருப்பதால்தான் 933ஆம் போத்தல் இல்லை என்று தெரிகிறது (677 + 256 = 933).

இப்போது நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி. ஒன்பது எலி ஏன் போதாது? ஒவ்வோர் எலியும் செத்தது, பிழைத்தது என்று இரண்டில் ஒரு பதில்தான் தரும். ஒன்பது எலியும் சேர்ந்து தரக்கூடிய வேறு வேறு விடைகள் 2ஐ ஒன்பது முறை பெருக்கினால் வருவது, அதாவது 512. போத்தலோ 1000. நீங்கள் எவ்வளவு சாமர்த்தியமாகப் பங்கு பிரித்தாலும், குறைந்தது இரண்டு போத்தல்கள் ஒரே எலிக் கூட்டத்துக்குப் போயே தீரும். அந்த இரண்டில் எது என்று அந்த எலிகளால் சொல்ல முடியாது. பத்து எலி என்றால் 1024 விடை, 1000 போத்தலுக்குப் போக 24 மிச்சம். அதனால் 1024 போத்தல் வரைக்கும் பத்து தாங்கும். 1025ஆவது வந்தால் பதினோராவது எலி வேண்டும்.

இரண்டு நாள் அவகாசம் கிடைத்தால் கணக்கு மாறுவதற்கும் இதுவே காரணம். ஓர் எலி முதல் நாள் சாகலாம், இரண்டாம் நாள் சாகலாம், சாகாமலும் இருக்கலாம். பதில் மூன்று. ஆறு எலி 729 விடை தரும், போதாது. ஏழு எலி 2187 விடை தரும், தாராளம். போத்தல் எண்ணை 0, 1, 2 மட்டும் வரும் மூன்றடிமானத்தில், எலிக்கு ஓர் இடமாக எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எலியின் இடத்தில் 0 இருந்தால் அதற்கு முதல் நாள் கொடுக்க வேண்டும், 1 இருந்தால் இரண்டாம் நாள், 2 இருந்தால் கொடுக்கவே வேண்டாம். மகனையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், அவன் பாடத்தில் மூன்றடிமானமும் இருக்கிறது.

இதுவரை சொன்னது தாளில் சரியாக வரும். மண்டபத்தில் முதல் தடவை செய்தபோது எங்களுக்கு வரவில்லை. சுண்ணாம்பு நீர் இருந்தது 10ஆம் போத்தலில். 8ம் 2ம் சிவக்க வேண்டும். இரண்டும் நன்றாகச் சிவந்தன. ஆனால் 1 என்ற குவளையும் லேசாகச் செம்பழுப்பாக நின்றது. பிள்ளைகள் கூட்டி 11 என்றார்கள். 11ஆம் போத்தலிலிருந்து ஒரு கரண்டியைத் தனியாக மஞ்சள் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம், நிறம் மாறவே இல்லை. ஒரு பையன் என்னைப் பார்த்து, "சார், கணக்கு பொய் சொல்லுதா?" என்று கேட்டான்.

கணக்கு பொய் சொல்லவில்லை, கரண்டிதான் காரணம். போத்தலைச் சாய்த்துக் கரண்டியில் ஊற்றி, கரண்டியைக் குவளையில் கவிழ்த்துக்கொண்டே வரிசையாகப் போனார்கள். 10ஆம் போத்தல் முடிந்ததும் கரண்டியைக் கழுவாமல் 11ஐ ஊற்றிவிட்டார்கள். கரண்டியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு நீர், 11க்கு உரிய 1 என்ற குவளைக்குள் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் கண்ணாடிக் குழாயைக் கழுவுவது எனக்குக் கைப்பழக்கம். ஆனாலும் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த வகைப் பிழை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் போகும். 0 இருக்க வேண்டிய இடத்தில் 1ஐக் கொண்டுவந்து வைக்கும். அதனால் வருகிற விடை, வரிசையில் உள்ள இன்னொரு போத்தலின் எண்ணாக அழகாக உட்கார்ந்துவிடும். நான்கு குவளைகளில் எந்த நிற வரிசை வந்தாலும் அது ஏதோ ஒரு போத்தலின் எண்தான், தப்பான விடை என்று காட்டிக்கொடுக்க இடமே இல்லை. குறைந்த எலிகளை வைத்துக் காரியத்தை முடிப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

இன்னொரு தொல்லையும் உண்டு. 0 என்ற போத்தலிலிருந்து எந்தக் குவளைக்கும் எதுவும் போவதில்லை. நான்கு குவளையும் மஞ்சளாகவே நின்றால் விஷம் 0இல் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சுண்ணாம்பு நீர் ஊற்றவே மறந்திருந்தாலும் நான்கும் மஞ்சளாகத்தான் நிற்கும். மஞ்சள்தூளில் வேறு மாவு கலந்து சரியாகச் சிவக்காமல் போனாலும் அப்படித்தான். மௌனத்தை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளும்போது, பதில் சொல்ல ஆள் இருந்தாரா என்று தெரிய வேண்டும்.

அடுத்த வாரம் எட்டு குவளை வைத்தோம். முன்பு இருந்த நான்கோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி. 8க்கு எதிர் 8, 4க்கு எதிர் 4, இப்படி. முதல் குவளைக்குப் போகாத போத்தல் எல்லாம் அதன் எதிர்க் குவளைக்குப் போகும். 10ஆம் போத்தல் 8, எதிர் 4, 2, எதிர் 1 ஆகிய நான்கில் விழும். 0ஆம் போத்தல் நான்கு எதிர்க் குவளைகளிலும் விழும். ஆக எந்தப் போத்தலாக இருந்தாலும் நான்கு கரண்டி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மட்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று சிவந்து ஒன்று மஞ்சளாக நிற்க வேண்டும். ஒரு ஜோடியில் இரண்டும் மஞ்சள் என்றால் விஷம் போய்ச் சேரவில்லை, அல்லது மஞ்சள் வேலை செய்யவில்லை. இரண்டும் சிவப்பு என்றால் கரண்டி கழுவவில்லை, அல்லது விஷம் ஒரு போத்தலுக்கு மேல் இருக்கிறது.

முந்தைய வாரத்துப் பிழை இந்த முறையில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். 8 சிவப்பு, எதிர் 4 சிவப்பு, 2 சிவப்பு. கடைசி ஜோடியில் 1ம் சிவப்பு, எதிர் 1ம் சிவப்பு. சந்தேகம் அந்த ஒரு ஜோடியில் மட்டும். ஆகவே விஷம் 10இல் அல்லது 11இல். இரண்டை மட்டும் தனியாகப் பார்த்தால் போதும். நிறத்தை முறைத்துப் பார்த்து 'இது சிவப்பா, பழுப்பா' என்று சண்டை போட வேண்டாம். ஆயிரம் போத்தலுக்கு இந்த முறையில் இருபது எலி ஆகும். பத்தோடு ஒப்பிட்டால் இரட்டிப்பு, ஆயிரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உண்மையான வேலை என்று வந்தால் நான் இருபதைத்தான் எடுப்பேன்.

விஷம் இரண்டு போத்தலில் இருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் மகன் கட்டாயம் கேட்பான். 3இலும் 5இலும் வைத்துப் பாருங்கள். 3 என்பது 0011, 5 என்பது 0101. ஒரு குவளையில் இரண்டு விஷம் விழுந்தாலும் ஒன்று விழுந்தாலும் சிவப்பு ஒன்றுதான். ஆகவே நான்கு குவளை முறையில் 0111 என்று வரும், அது 7. பாவம், 7ஆம் போத்தலில் வெறும் தண்ணீர். எட்டு குவளை முறையில் நடுவில் உள்ள இரண்டு ஜோடிகளும் முழுக்கச் சிவந்து எச்சரிக்கை தரும். 8க்கு ஜோடியில் எதிர்தான் சிவப்பு, 1க்கு ஜோடியில் 1தான் சிவப்பு. அப்படியென்றால் மிஞ்சுவது 1, 3, 5, 7 என்ற நான்கு போத்தல்கள். விஷம் 3இலும் 5இலுமா, 1இலும் 7இலுமா என்று குவளைகளால் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே நிற வரிசைதான் வரும். நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் 'ஒன்றே ஒன்று' என்ற நிபந்தனைதான் தூண். அதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நிஜத்தில், நோய்ச் சோதனை போன்ற வேலையில், எத்தனை பேருக்கு நோய் என்று முன்கூட்டியே தெரிவதில்லை. 1943இல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கர், ராணுவத்தில் சேர்பவர்களிடம் சிபிலிஸ் நோய் இருக்கிறதா என்று பார்க்க, பலருடைய ரத்தத்தைச் சேர்த்து ஒரே சோதனை செய்யலாம் என்று எழுதினார். கலவையில் நோய் இல்லை என்றால் அத்தனை பேரும் போகலாம். இருந்தால் அந்தக் கூட்டத்தை மட்டும் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். அவர் இரண்டடிமான எண்ணுக்குப் போகவில்லை. எத்தனை பேருக்கு நோய் என்று தெரியாத இடத்தில் அந்த நிதானமான வழிதான் பொருத்தம்.

கடைசியாக, கலவை. 16 போத்தலில் எட்டு கரண்டிகளுக்கு நடுவே ஒரு கரண்டி சுண்ணாம்பு நீர், நன்றாகவே சிவக்கும். 1000 போத்தல் என்றால் ஒரு குவளைக்குள் ஏறக்குறைய 500 கரண்டி. ஒரு கரண்டி சுண்ணாம்பு நீர் அதில் கரைந்துபோகும், மஞ்சளும் நீர்த்துப்போகும். நம்பும்படி நிறம் வராது. புதிரில் 'ஒரு சொட்டு பட்டாலும் எலி சாகும்' என்று சொல்வது இதற்காகத்தான்.

எங்கள் ஆலையில் இந்த முறையை நான் பயன்படுத்தாததற்கும் இதுவே காரணம். கச்சா செம்பனை எண்ணெயில் பிரிந்து தனியாக நிற்கும் கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வியாபாரத்தில் உள்ள அளவு. எட்டுத் தொட்டிகளில் ஏழில் 3 விழுக்காடு, ஒன்றில் மட்டும் 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டையும் சம அளவில் கலந்து சோதித்தால் ஏழு மூன்று 21, அதோடு 8, மொத்தம் 29, எட்டால் வகுத்தால் 3.6. எந்தக் கவலையும் இல்லாமல் தேறிவிடும், கெட்ட தொட்டி உள்ளேயே இருக்கும். அதனால் நாங்கள் தொட்டிக்கு ஒரு மாதிரி தனியாக எடுத்து, தனித்தனியாகத்தான் பார்க்கிறோம்.